காய்ந்ததும் நிறம் மாறுது: சுவர்த் திட்டுக்கு என்ன செய்யலாம்?

வணக்கம். கோப்பாயில அம்மாவின்ர வீட்டு விறாந்தைச் சுவரில ஆணி பிடுங்கின இடத்தைப் புட்டி வைச்சு அடைச்சிருக்கு. பெயின்ற் அடிக்கிற அண்ணை இளநீல எமல்சனைக் கலக்கிப் பூசினார். ஈரத்தில அச்சொட்டாப் பொருந்தினது, காய்ஞ்சதும் கருத்துப் போச்சு.

காரணம் விளங்குது. ஈர எமல்சனில பிசின் துகள்கள் தண்ணியில மிதந்து ஒளியைச் சிதறடிக்கும், அதால நிறம் பால் கலந்த மாதிரி வெளிறும். தண்ணி வற்ற, துகள்கள் ஒட்டித் தெளிஞ்ச படலமாகும், நிறம் ஆழமாகும். (சுண்ணாம்படிச்ச சுவர் நேரெதிர்: தண்ணி இருந்த இடத்தில காற்றுப் புக, வெளுக்கும்.)

அதால இப்ப கலவையை மட்டையில பூசி, நல்லாக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில சுவரோட வைச்சுப் பார்த்துத்தான் நிறம் திருத்தினனாங்கள். மட்டை பொருந்துது. ஆனா அதையே பூசின திட்டு மட்டும் மினுக்கமில்லாமல், நேரே பார்க்க வெளிறித் தெரியுது. புட்டி பிசினை உறிஞ்சிட்டுது எண்டு நினைக்கிறன்.

புட்டிக்கு மேல மட்டும் பிரைமர் பூசி, பிறகு ரெண்டு பூச்சு அடிச்சாக் காணுமோ? இல்லாட்டி பழைய பெயின்ற் வெயிலில மங்கினபடியால், மூலைக்கு மூலை முழுச் சுவரும் அடிக்கவேணுமோ? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கோ.