‘Alle akzeptieren’ பொத்தானை அழுத்தினால் எதற்கெல்லாம் ஒப்புதல்?

மாலதி: மகள் ஜெர்மன் மொழி கற்கிறாள். ஒரு ஜெர்மன் செய்தித்தளத்தைத் தினமும் வாசிக்கும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். திறந்தவுடன் இந்தப் பெட்டி திரையை மறைக்கிறது. எல்லாவற்றையும் ஏற்கும் Alle akzeptieren என்பது பெரிய நீலப் பொத்தானாகவும், அமைப்புகளுக்கான Einstellungen என்பது அதன் கீழே சிறிய எழுத்திலும் இருக்கின்றன. நீலத்தை அழுத்தினால் நாங்கள் எதற்கெல்லாம் சம்மதிக்கிறோம்? படத்தை இணைத்திருக்கிறேன்.

தமிழரசன்: மாலதி அம்மா, இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? குக்கி வைக்க அனுமதி கேட்கும் வழக்கமான பெட்டிதான் இது. அழுத்தினால் பெட்டி விலகும், மகள் செய்தியை வாசிப்பாள், அவ்வளவுதான். ஜெர்மன்காரனுக்குச் சுங்கை சிப்புட்டில் என்ன வேலை இருக்கப்போகிறது?

மண்டோர் மகன்: ‘அவ்வளவுதான்’ என்று எழுதுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் தமிழரசன் ஐயாவுக்கு என்றுமே இருந்ததில்லை. சென்ற மாதம் இலவச டேட்டா தருவதாக ஓர் இணைப்பைப் புலனக் குழுவில் பரப்பியபோதும் இதே ‘அவ்வளவுதான்’ என்றுதான் எழுதினார். படத்தின் அடியில் Genaue Standortdaten verwenden என்று ஒரு வரி இருக்கிறது. அதன் விளக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். 500 மீட்டருக்கும் குறைவான வட்டத்துக்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பயன்படுத்த அனுமதி கேட்கிறார்கள். நீலத்தை அழுத்திய நொடியே கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்துகொள்ளும். வீட்டின் இருப்பிடம் ஜெர்மனிக்குப் போய்விடும். அழுத்தாதீர்கள்.

பூங்கொடி: பினாங்கில் இணையத்தளங்களுக்கு இத்தகைய பெட்டிகளை அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்பதால், படத்தை முழுவதும் வாசித்துவிட்டு எழுதுகிறேன். ஜிபிஎஸ் தானாகத் திறந்துகொள்ளாது. உலாவியில் ஒரு தளம் இருப்பிடத்தைக் கேட்டால், அந்த உலாவியே தன் சொந்தப் பெட்டியை, உங்கள் கைப்பேசியில் நீங்கள் வைத்திருக்கும் மொழியில் காட்டி, அனுமதிக்கலாமா என்று உங்களைத் தனியாகக் கேட்கும். அதில் மறுத்துவிட்டால் ஜெர்மன் பெட்டியில் என்ன அழுத்தியிருந்தாலும் ஜிபிஎஸ் இருப்பிடம் போகாது. ஜெர்மன் பெட்டி வாங்குவது சட்டப்படியான சம்மதம் மட்டுமே. கதவின் சாவி கைப்பேசியிடம் இருக்கிறது.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த வரியை அல்ல, அதற்கு மேலே இருப்பவற்றை. Wir und unsere 214 Partner என்று தொடங்குகிறதே, அங்கே செய்தித்தளம் மட்டுமல்லாமல் 214 விளம்பர, அளவீட்டு நிறுவனங்களும் சேர்ந்து சம்மதம் கேட்கின்றன. முதல் வரி, உங்கள் கருவியில் ஒரு அடையாள எண்ணை எழுதவும் பிறகு அதைத் திரும்பப் படிக்கவும் அனுமதி கேட்கிறது. Erstellung von Profilen für personalisierte Werbung என்ற வரி, அந்த எண்ணின் பெயரில் உங்கள் விருப்பங்களைக் குறித்துவைத்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கேட்கிறது. உங்கள் மகள் இன்று தாதியர் பயிற்சி பற்றிய ஒரு செய்தியை வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு கூட்டு நிறுவனம், அந்த எண்ணுக்கு ‘தாதியர் பயிற்சி, ஜெர்மனி’ என்று குறித்துக்கொள்கிறது. நாளை அவள் சமையல் தளம் ஒன்றைத் திறக்கிறாள், அங்கும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருக்கிறது, அங்கும் சம்மதம் கொடுத்திருக்கிறாள் என்றால், அதே எண் படிக்கப்பட்டு இரண்டும் ஒரே கோப்பில் சேர்கின்றன. பிறகு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர்களின் விளம்பரம் அவளைத் தேடி வந்தால் வியப்படைய வேண்டாம். சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் இத்தகைய தளம் தாண்டிய படிப்பைப் பெரும்பாலும் தடுக்கின்றன. குரோமில் நீங்களே அமைப்பில் தடுத்தால்தான் உண்டு.

மண்டோர் மகன்: பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. 500 மீட்டர் என்று அந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறதா, இல்லையா? நான் கேட்பது அது ஒன்றுதான்.

செல்லையா: நான் ஓய்வுபெற்ற தபால்காரன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவசரத்துக்கு ஒரு கடன் செயலியை இறக்கி, கேட்ட எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று அழுத்தினேன். தவணை தாமதமானதும் கைப்பேசியில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்புப் போனது. கோயில் தலைவருக்கும், என் சம்பந்திக்கும், மகளின் பள்ளித் தலைமையாசிரியருக்கும் கூட. அந்தப் பெட்டியும் இப்படித்தான் அழகாக இருந்தது. ஆகவே மண்டோர் மகன் தம்பி சொல்வதே சரி. மாலதி, பெயர்ப்பட்டியலைக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

பூங்கொடி: ஐயா, உங்களுக்கு நேர்ந்தது கொடுமை, ஆனால் அது வேறு வகை. அங்கே ‘தொடர்புகளை அணுக அனுமதிக்கவா’ என்று கேட்டது கைப்பேசி. நீங்கள் கொடுத்தது தொழில்நுட்ப அனுமதி. உலாவியில் திறக்கும் ஒரு செய்தித்தளத்துக்கு இந்தப் பெட்டியால் உங்கள் பெயர்ப்பட்டியலோ குறுஞ்செய்தியோ புகைப்படமோ கிடைக்காது.

மண்டோர் மகன் அண்ணன் அஞ்சுவது உண்மையாகும் ஓர் இடம் இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதே செய்தி நிறுவனத்தின் செயலியை இறக்கி, உள்ளூர் வானிலை பார்ப்பதற்காக இருப்பிட அனுமதியை முன்பே கொடுத்திருந்தால், செயலிக்குள் வரும் இதே பெட்டியில் நீலத்தை அழுத்துவது, அந்த இருப்பிடத்தைக் கூட்டு நிறுவனங்களும் பயன்படுத்தச் சம்மதம் தருவதாகும். அங்கே இரண்டாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

மண்டோர் மகன்: இதோ, ஒப்புக்கொண்டுவிட்டார்கள். முதல் பதிவிலேயே நான் சொன்னது இதுதான், ஆனால் அதை மேற்கோள் காட்டாமல் ‘ஓர் இடம் இருக்கிறது’ என்று ஓரத்தில் எழுதுகிறார்கள். பினாங்கில் 500 மீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். யாரென்று தேடிப் பிடிக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் அதே வட்டத்துக்குள் என்ன இருக்கிறது? நான்கு லயம், ஒரு மாரியம்மன் கோயில், பாதி மூடிய ஒரு பால்வாடி, மீதியெல்லாம் செம்பனை. ஜெர்மன் செய்தி வாசிக்கும் பிள்ளை அந்த வட்டத்துக்குள் ஒருத்திதான் இருப்பாள். பெயர் எழுதியே அனுப்பியது போல அல்லவா?

தமிழரசன்: லயத்தைக் கணக்கெடுத்தது போதும். ஐரோப்பியச் சட்டம் ஐரோப்பியர்களுக்கு. நமக்கு 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெட்டியில் எதை அழுத்தினாலும் ஜெர்மன்காரன் நமக்கு எந்தப் பதிலும் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல என்பதால், இந்த விவாதமே வீண்.

பூங்கொடி: ஐயா, அதுவும் அப்படி இல்லை. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் மூன்றாம் பிரிவு, நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைகொண்டிருந்து அங்கே நடத்தும் தரவுப் பணி முழுவதையும் உள்ளடக்குகிறது. அந்த வகையில் வாசகர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது கணக்கில் வராது. ஆகவே ஜெர்மனியில் இயங்கும் செய்தித்தளம் மாலதியின் மகளுக்கும் கட்டுப்பட்டதே. சுங்கை சிப்புட்டிலிருந்து அந்த உரிமையை நிலைநாட்டுவது எளிதா என்று கேட்டால், அது வேறு கதை.

அண்ணன் போட்ட வட்டக் கணக்கை நான் மறுக்கவில்லை. தோட்டப்புறத்தில் துல்லியமான இருப்பிடம் நகரத்தைவிட அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். நான் மறுப்பது அது தானாகப் போகும் என்பதை மட்டுமே.

மாலதி: இப்போதுதான் மகளிடம் விசாரித்தேன், நேற்று இரவே நீலத்தை அழுத்திவிட்டாளாம். ஜிபிஎஸ் பற்றி உலாவி எதுவும் கேட்கவில்லை என்கிறாள். இனி என்ன செய்வது?

பூங்கொடி: கேட்கவில்லை என்றால், இந்தத் தளத்துக்கு இதற்கு முன் எப்போதாவது அனுமதி கொடுத்திருந்தாலன்றி, ஜிபிஎஸ் போகவில்லை. குரோமின் தள அமைப்புகளில் இருப்பிடம் என்ற பகுதியைத் திறந்து, இந்தத் தளத்தின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு செய்தித்தளத்தின் அடிப்பகுதிக்குச் செல்லுங்கள். Datenschutzeinstellungen என்றோ அதையொத்த பெயரிலோ ஓர் இணைப்பு இருக்கும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் வழி அதுதான். கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது. அங்கே எல்லாவற்றையும் அணைத்த பின் Berechtigtes Interesse என்ற இரண்டாவது பகுதியையும் மறக்காமல் திறந்து பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். சம்மதம் கேட்காமலேயே தங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது என்று சில நிறுவனங்கள் சொல்லிக்கொள்ளும் வேலைகள் அங்கே இருக்கும்; அவற்றின் பொத்தான்கள் முன்பே இயக்கத்தில் இருக்கும்; சில தளங்களில் மறுப்பதற்கான Ablehnen பொத்தானை அழுத்தினாலும் அவை அணையாது. விளம்பரத்துக்கான விருப்பக் கோப்பு உருவாக்குவதை இந்தப் பகுதியில் நுழைக்க, ஐரோப்பிய விளம்பரத் துறை 2023இல் திருத்திய தன் சொந்த விதிகளே இடம் தருவதில்லை. விளம்பரத்தை அளப்பது போன்றவை இன்னும் அங்கே இருக்கலாம்.

கடைசியாக அந்தத் தளத்தின் குக்கிகளை அழித்துவிடுங்கள். நேற்றே கூட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டதை இது திருப்பிக் கொண்டுவராது. பழைய எண் அழிவதால் இனி வாசிப்பவற்றை அதனோடு ஒட்டுவது கடினமாகும், அவ்வளவே.

தமிழரசன்: முன்பே இயக்கத்தில் இருக்கும் பொத்தான் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. இணையத்தில் தேடி இப்போதுதான் வாசித்தேன். ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்று நான் முதலில் சொன்னது சரியே.

பூங்கொடி: முன்பே குறியிட்ட கட்டம் *சம்மதம்* ஆகாது என்பதுதான் அந்தத் தீர்ப்பு. இந்தப் பகுதியில் அவர்கள் சம்மதமே கேட்கவில்லை என்பதால், அந்தத் தீர்ப்பை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

மண்டோர் மகன்: சட்டப் புலவர் சற்றுமுன் ‘ஐரோப்பியச் சட்டம் நமக்கில்லை’ என்றார், இப்போது அதே ஐரோப்பாவின் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். போகட்டும். ஜிபிஎஸ் போகவில்லை என்கிறீர்களே, என் மைத்துனர் வீட்டில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் கோலாலம்பூர் கடைகளின் விளம்பரம்தான் வருகிறது. இருப்பிடம் தெரியாமல் எப்படி வரும்?

தமிழரசன்: உங்கள் மைத்துனர் வீடு கோலாலம்பூரிலா இருக்கிறது?

மண்டோர் மகன்: சுங்கை சிப்புட்டில்தான். அதனால் என்ன? மலேசியா என்று தெரிந்திருக்கிறதே!

பூங்கொடி: அண்ணன், அது நீங்கள் சொல்வதற்கு நேர் எதிரான சான்று. கைப்பேசி டேட்டாவில் போகும்போது தளத்துக்குத் தெரிவது இணைய முகவரி. அதை வைத்து ஊகிக்கும் இடம் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைப்பு வெளியேறும் பெருநகரமாகவே இருக்கும். எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டாலும் அந்த முகவரி தெரியும். அவர் வீட்டின் துல்லியமான இருப்பிடம் போயிருந்தால் கோலாலம்பூர் கடை ஏன் வருகிறது?

செல்லையா: எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கடன் செயலியை நீக்கிவிட்டேன். என் பெயர்ப்பட்டியல் அவர்களிடம் இன்னும் இருக்கிறதா?

மண்டோர் மகன்: இருக்கும் ஐயா. கேட்கவே வேண்டாம். பூங்கொடிக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: இந்தப் பெட்டிகளை அமைத்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குபவர், பெட்டி ஆபத்தானது என்று எப்படிச் சொல்வார்? 500 மீட்டர் தேவையில்லை என்றால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருக்கிறார்கள். எந்தச் செயலியாவது இருப்பிட அனுமதியோடு மாலதியின் மகளின் கைப்பேசியில் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா?

மாலதி: வானிலைச் செயலி ஒன்று இருக்கிறது. இந்தச் செய்தி நிறுவனத்துடையது அல்ல.

மண்டோர் மகன்: அதை முதலில் நீக்குங்கள். 500 மீட்டர்.