[கலைச்சொல்] ஆணியும் பசையும் இல்லாமல் காடிக்குள் நிற்கும் மச்சுப் பலகைக்கு என்ன பெயர்?

மீனாட்சி:

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அரண்மனை, கோயில், தேவாலய மர மச்சுகளுக்கான சொற்கோவை ஒன்றைத் தொகுத்து வருகிறேன். உத்தரம், சட்டம், காடி, நாக்கு, கழுந்து எல்லாம் தச்சர்களிடமிருந்தே கிடைத்துவிட்டன. ஓர் இடத்தில் மட்டும் தடுமாறுகிறேன். ஓவியம் தீட்டிய பலகையை ஆணி அறையாமல், பசை தடவாமல், சுற்றியுள்ள சட்டத்தில் நீளப் பள்ளமாக வெட்டிய காடிக்குள் செருகி நிறுத்துகிறார்கள். பலகை கீழே விழாது, ஆனால் காடிக்குள் சற்று நகரும். ஆங்கிலத்தில் ஃப்ளோட்டிங் பேனல். 'மிதவைப் பலகை' என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். தலைக்கு மேல் இருப்பதை மிதவை என்பது எனக்கு ஒட்டவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

கணேசன்:

வணக்கம். இதற்கு 'தொங்கு கூரை' என்றே எழுதலாமே? எங்கள் அலுவலகத்தில் கம்பியில் சட்டம் தொங்கவிட்டு, அதில் ஜிப்சம் தகடுகளை வைத்திருக்கிறார்கள். தட்டினால் மேலே தூக்கி எடுக்கலாம். அதுவும் ஆணி இல்லாததுதான்.

ரேவதி:

கணேசன் சார், நீங்கள் சொல்வது முழுக் கூரையும் எப்படி நிற்கிறது என்பதை. மீனாட்சி கேட்பது ஒரே ஒரு பலகை அதன் விளிம்பில் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை. மரப்பொருள் பாதுகாப்பில் வேலை செய்கிற எனக்கு, ஓவியத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதே அந்த விளிம்புதான்.

இரண்டு மச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் பீட்டர்பரோ பேராலயத்தில் 13ஆம் நூற்றாண்டு ஓக் மச்சு இருக்கிறது. சாய்சதுரக் கட்டங்களுக்குள் அரசர், ஆயர், இசைக்கலைஞர், ஆட்டின் மேல் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்த குரங்கு என்று உருவங்கள். பலகைகளை ஆணியால் அறைந்திருக்கிறார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பழைய கோலத்தைப் பின்பற்றி மேலே மறுபடியும் வண்ணம் பூசினார்கள். சுவிட்சர்லாந்தின் ட்சிலிஸ் ஊர் புனித மார்ட்டின் தேவாலயத்தில் 12ஆம் நூற்றாண்டின் 153 ஓவியப் பலகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 செ.மீ. சதுரம். முதலில் தீட்டி, பிறகு மேலே சட்டங்களுக்கிடையே பொருத்தியவை.

ஆணி அறைந்த பலகை சுருங்க நினைத்தால் இரண்டு விளிம்பும் விடாது. அப்போது நடுவில் நாரோட்டமாகப் பிளக்கும். காடிக்குள் விட்ட பலகை சுருங்கினால் விளிம்பு மட்டும் உள்ளே போகும், ஓவியம் முழுதாக இருக்கும். நாம் பெயர் வைக்க வேண்டியது இந்த வேறுபாட்டுக்கு.

சிவராமன்:

ரேவதி அம்மா சொன்னது புது மரத்துக்குச் சரி. 800 ஆண்டு பழைய ஓக்கில் இன்னும் என்ன சுருக்கம்? எப்போதோ உலர்ந்து தீர்ந்திருக்கும். கட்டுமானத் துறையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வயதில் ஆணி அறைந்தாலும் ஒன்றுதான், காடியில் விட்டாலும் ஒன்றுதான்.

ரேவதி:

சார், பச்சை மரம் முதன்முதலாக உலரும்போது வரும் பெரிய சுருக்கம் முடிந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் மரம் எத்தனை வயதானாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். கணக்கே போட்டுப் பார்ப்போம். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் வெப்பமூட்டுகிறார்கள், காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டிலிருந்து 50க்கு இறங்குகிறது. நாள்பட அப்படியே நீடித்தால் மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஏறக்குறைய 4 விழுக்காடு குறையும். வளையத்தை ஒட்டி அறுத்த ஓக் பலகை ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அகலத்தில் சுமார் 0.3 விழுக்காடு சுருங்கும். 20 செ.மீ. பலகையில் அது 2 மி.மீ.க்கு மேல். நடுவிலிருந்து ஆரமாக அறுத்திருந்தால் ஏறக்குறைய பாதி. நீளவாக்கில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

2 மி.மீ. சிறிதாகத் தெரியலாம். மேலே இருக்கும் வண்ணப்பூச்சோ வயதாகி விறைத்துப்போனது. அடியில் மரம் குறுகினால் அது கூடாரம் போல எழும்பி, பிறகு செதிலாக உதிரும்.

ஜோசப்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தக்கலைப் பக்கம், அப்பா தச்சர். எங்களுக்கு இது மச்சில் மட்டும் உள்ள சங்கதியில்லை, கதவிலும் உண்டு. சட்டம் கூட்டும்போது, ஒரு சட்டம் இன்னொன்றின் துளைக்குள் நுழையும் கழுந்தில் பசை வைக்கலாம், நடுப்பலகை ஏறும் காடியில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்பார் அப்பா. "காடியில இளக்கம் விடு" என்பதுதான் அவர் வார்த்தை.

எங்கள் வீட்டு முன்கதவுக்கு வேறொருவர் வார்னிஷ் அடித்தார். காடியின் வாய் நிறைய வழிந்து இறுகிவிட்டது. அடுத்த கோடையிலேயே தேக்குப் பலகை நெடுகப் பிளந்தது. ஓக்கைவிடக் குறைவாக அசையும் மரம் தேக்கு, அதற்கே அந்தக் கதி. 'இளக்கப் பலகை' என்று சொல்லலாமா?

ரேவதி:

ஜோசப், உங்கள் கதவில் நடந்ததுதான் ஓவிய மச்சுகளிலும் நடக்கிறது. பிற்காலத்தில் யாரோ புதுப்பிக்கிறேன் என்று பூசிய வண்ணமோ வார்னிஷோ காடிக்குள் ஊறி, பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிடும். பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பொருத்திய பிறகு தீட்டிய பலகை நன்றாக நகர்கிறது என்றால், வறண்ட காலத்தில் அதன் ஓரத்தில் வண்ணமில்லாத மெல்லிய மரக்கோடு வெளியே தெரியும். பழுது என்று எண்ணி அதை நிரப்பிவிடக் கூடாது. நிரப்பினால் மழைக்காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் போகும். அந்தக் கோடும் இல்லை, விளிம்பில் பூச்சு பளபளவென்று தொடர்ச்சியாக ஓடுகிறது, நடுவில் நாரோட்டமாக விரிசல் என்றால், காடி இறுகிவிட்டது.

அப்போது முதலில் செதில் எழும்பிய இடங்களில் நீர்த்த மீன்பசையைத் தூரிகையால் விட்டு, மெல்லிய ஜப்பானியத் தாளை மேலே ஒட்டிப் படியவைப்போம். பிறகுதான் மெல்லிய தகட்டால் காடி விளிம்பில் ஒட்டியிருக்கும் பூச்சைச் சிறிது சிறிதாக விடுவிப்போம். வரிசை மாறினால் உதிர்வதெல்லாம் ஓவியம்தான். பூச்சு காடியின் அடிவரை இறங்கியிருந்தால் விடுவிக்கவே முடியாமலும் போகும். விரிசலைக் கெட்டிப் பசையால் மூடினால் மட்டும் போதாது, பக்கத்தில் இன்னொன்று விழும்.

மீனாட்சி:

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பெயர் பலகைக்கு இருக்கக் கூடாது. அதே பலகைதான், நேற்று நகர்ந்தது, வார்னிஷ் வழிந்தபின் நகரவில்லை. மாறியது பொருத்து. ஆகவே 'இளக்கக் காடி' என்று வைக்கிறேன். ஆய்வுக் குறிப்பில் 'இளக்கக் காடி இறுகியது' என்று நேராக எழுதலாம்.

சிவராமன்:

ஆண்டுதோறும் வரும் அசைவை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏற்கிறேன். ஆனால் 'இளக்கம்' என்றால் பொறியாளர் காதில் தளர்ச்சி, குறைபாடு என்றே விழும். குறிப்பைப் படிக்கும் ஒப்பந்ததாரர் நல்லெண்ணத்தோடு நாலு ஆணி அறைந்துவிட்டுப் போவார். 'விடுகாடி' என்றால் வேண்டுமென்றே விட்டது என்பது விளங்கும். இன்னொரு கேள்வி: ஆணியும் பசையும் இல்லாததால் பலகையை எளிதாகக் கழற்றலாம் என்றால் அதிலும் இடர் உண்டுதானே?

ரேவதி:

உண்டு. ட்சிலிஸ் பலகைகளை 1938-40 பழுதுபார்ப்பின்போது புதிய வரிசையில் அடுக்கினார்கள். முதலில் எந்த வரிசையில் இருந்தன என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. கழற்றும் முன் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இடக்குறி இட வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சொல்லைப் பொறுத்தவரை எனக்கு 'இளக்கக் காடி'யே பிடிக்கிறது, தச்சர் வாயில் இருக்கும் சொல். ஆனால் காஷ்மீரின் கதம்பந்த் மச்சையும் யோசியுங்கள். சின்னச் சின்னப் பல்கோணப் பலகைகளை இருபுறமும் காடி வெட்டிய குச்சிகளால் கோத்துக்கொண்டே போவார்கள். அங்கே தனியாகச் சுற்றுச் சட்டம் கிடையாது, குச்சியே பலகையைப் பிடிக்கிறது, பலகையே குச்சியைப் பிடிக்கிறது. நம் சொல் அதற்கும் பொருந்துமா?

ஜோசப்:

இருபுறக் காடியுள்ள குச்சியை எங்கள் பக்கம் என்ன சொல்வார்கள் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுகிறேன். 'விடுகாடி' அவர் கேட்டறியாத சொல்லாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிப் பார்க்கிறேன்.

மீனாட்சி:

சரி. அதுவரை சொற்கோவையில் 'இளக்கக் காடி' முதலிலும் 'விடுகாடி' மாற்றாகவும் இருக்கட்டும். விளக்கத்தில் "பசை, ஆணி, வார்னிஷ் கூடாது" என்ற வரியைச் சேர்த்துவிடுகிறேன், சிவராமன் சாரின் ஒப்பந்ததாரருக்காக. 'மிதவைப் பலகை'யை நீக்குகிறேன்.