கூம்பில் இருந்த எழுத்தும், கைப்பிடியில் இருந்த சுற்றும்

செங்காங், ஒரு தாய்

உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் இணைப்பாட நடவடிக்கையாகப் பூப்பந்தைத் தேர்ந்தெடுத்தாள். என் அலுவலகத் தோழி தம் அண்ணன் பயன்படுத்திய மட்டையைக் கொடுத்தார். சாயம் உரிந்து மாதிரிப் பெயரில் பாதி அழிந்திருந்தது. யோனெக்ஸ் நிறுவனத்தின் 'அஸ்ட்ராக்ஸ்' என்பதில் கடைசி எழுத்துகள்தாம் தெரிந்தன. கைப்பிடிக்கு மேலே தண்டு தொடங்கும் கூம்பில் '4யு ஜி5' என்றும், சிறிய எண்களோடு 'எஸ்பி' என்றும் இருந்தது. இன்னொரு பக்கம் 20 முதல் 28 பவுண்ட் என்று அச்சிட்டிருந்தார்கள்.

கைப்பிடி மிகவும் தடிமனாக இருந்ததால் மேலே சுற்றியிருந்த கிரிப்பை நீக்கினேன். அடியில் இன்னொன்று இருந்தது, அதையும் நீக்கினேன். அதன் பிறகு மகள், "அம்மா, இது வேறு மட்டை மாதிரி இருக்கிறது, தலை கீழே இழுக்கிறது" என்றாள். இரண்டு நாடாக்களை எடுத்ததால் மட்டையின் குணம் மாறுமா? இதே நிலை யாருக்காவது வந்திருக்கிறதா?

பிடோக், முப்பது ஆண்டுகளாக ஆடுபவர்

அக்கா, 'எஸ்பி' என்றால் சிங்கப்பூரில் தயாரானது. அதனால் அசல்தான், நம்பி ஆடலாம். ஜி5 என்பது மிகப் பெரிய கைப்பிடி. பிள்ளைக்கு ஜி4 வாங்கிக் கொடுங்கள். என் டென்னிஸ் மட்டையிலும் எண் கூடினால் பிடியும் கூடும்.

தோ பாயோ, நரம்பு கட்டுபவர்

பிடோக் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி சரி. 'எஸ்பி' சிங்கப்பூரைத்தான் குறிக்கிறது. ஆனால் அது யோனெக்ஸ் அந்த மட்டையை எந்தச் சந்தைக்கு அனுப்பியது என்பதைக் காட்டும் எழுத்து. தயாரித்த நாடு மட்டையின் சட்டத்தில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். போலி செய்கிறவர்கள் இந்த எழுத்துகளையும் அப்படியே அச்சிடுகிறார்கள், ஆகவே இரண்டு எழுத்துகளை வைத்து அசல் என்று முடிவு செய்யாதீர்கள்.

பிடியில் கணக்கு தலைகீழ். யோனெக்ஸில் ஜி எண் கூடக் கூடக் கைப்பிடி மெலியும். ஜி5, ஜி4-ஐவிட மெலிந்தது. டென்னிஸ் பழக்கத்தோடு வருபவர்கள் என் கடையில் இதில்தான் தடுமாறுவார்கள். '4யு' என்பது எடை. நரம்பு கட்டாத நிலையில் 80 முதல் 84 கிராம். '3யு' என்றிருந்தால் 85 முதல் 89, '5யு' என்றால் 75 முதல் 79.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அக்கா. ஆம், மாறும். வீட்டுத் தராசில் எடை பாருங்கள். பிறகு மட்டையை ஒரு விரல்மேல் கிடைமட்டமாக நிறுத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்துக்கும் கைப்பிடியின் அடிநுனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள்.

செங்காங், அதே தாய்

அளந்தேன். இப்போது 88 கிராம், 295 மில்லிமீட்டர். நீக்கிய இரண்டு நாடாக்களையும் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துத் தராசில் வைத்தேன், இரண்டும் சேர்ந்து 10 கிராம்.

ஈசூன்

எனக்கும் பழைய மட்டை ஒன்று இருக்கிறது, விற்றால் எத்தனை வெள்ளி கிடைக்கும்? தண்டில் கீறல் இருக்கிறது.

தோ பாயோ

ஈசூன் தம்பி, முதலில் அந்தக் கீறலைப் பாருங்கள். நகத்தால் குறுக்கே தடவும்போது நகம் மாட்டிக்கொண்டால், அல்லது தண்டை இலேசாக வளைக்கும்போது கீறல் திறந்தால், அதை விற்கவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். ஆட்டத்தின் நடுவில் ஒடிந்து பறக்கும். சாயத்தில் மட்டும் இருக்கும் கீறலில் நகம் மாட்டாது.

செங்காங் அக்கா, நாடாக்களின் 10 கிராமும் கைப்பிடியில், அடிநுனியிலிருந்து ஏறக்குறைய 80 மில்லிமீட்டரில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 88-ஐ 295-ஆல் பெருக்கினால் 25,960. நாடாக்களுக்கு 10 பெருக்கல் 80, அதாவது 800. இரண்டையும் கூட்டி 98 கிராமால் வகுத்தால் 273 வருகிறது. ஆக, உங்கள் தோழியின் அண்ணன் ஆடியபோது சமநிலைப்புள்ளி 273-இல் இருந்திருக்கிறது. நீங்கள் நாடாக்களை உரித்தபோது அது 22 மில்லிமீட்டர் தலைப்பக்கம் நகர்ந்துவிட்டது. உங்கள் மகள் சொன்னது முற்றிலும் சரி. அஸ்ட்ராக்ஸ் வரிசை தலைக்கனம் உள்ளது. அந்த மனிதர் நாடா சுற்றி அதை மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

கிளமெண்டி, பள்ளியில் பயிற்சி அளிப்பவர்

முத்திரையில் எடையும் பிடியும் இருக்கும், சமநிலை இருக்காது. அதனால்தான் கையால் அளந்து பார்க்கச் சொல்கிறார்.

தொடக்க நிலைப் பிள்ளைகளிடம் நான் பார்ப்பது, தலைக்கனமான மட்டையைத் தாமதமாகத்தான் சுழற்றுகிறார்கள். இறகுப்பந்து உடலைத் தாண்டிய பிறகு அடிக்கிறார்கள், அந்தத் தாமதத்தைத் தோளால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். தண்டு விறைப்பாகவும் இருந்தால் இன்னும் கடினம், வேகமான கைக்குத்தான் அது வளைந்து கொடுக்கும். 12, 13 வயதுப் பிள்ளைக்கு நரம்போடு 285 மில்லிமீட்டர் அருகே நிற்கும், வளைந்து கொடுக்கும் தண்டுள்ள 4யு மட்டையை நான் சொல்வேன். 5யு இன்னும் எளிது என்று சிலர் சொல்வார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மிக இலேசான மட்டையில் பிள்ளைகள் கையை மட்டும் வீசப் பழகிவிடுகிறார்கள்.

உட்லண்ட்ஸ், ஒரு தந்தை

என் மகன் 5யுவில்தான் தொடங்கினான், பயிற்சியாளர் குறை சொல்லவில்லை. எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. சட்டத்தில் 28 பவுண்ட் என்று அச்சிட்டிருந்ததால் நரம்பை 28-இலேயே கட்டச் சொன்னேன். மூன்றே வாரத்தில் அவனுக்கு முழங்கை வலித்தது.

தோ பாயோ

அது நரம்பின் இழுவைக்கு மேல் எல்லை, பரிந்துரை அன்று. இழுவை கூடினால் நடுவில் சரியாகப் படும் இடம் சுருங்கும். ஓரத்தில் பட்டால் அதிர்வு கைக்கு வரும். புதியவர்களுக்கு நான் 20 முதல் 22-க்குள் கட்டுகிறேன், 0.70 மில்லிமீட்டர் பிஜி65 மாதிரி தடித்த நரம்பில். பழைய நரம்பை அப்படியே வைத்து ஆடவும் வேண்டாம். குறுக்கும் நெடுக்கும் சேரும் இடங்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள், விழுந்திருந்தால் அறுந்துபோகும் நாள் நெருங்கிவிட்டது. ஒன்று அறுந்தவுடன் மற்றவற்றையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் சட்டம் கோணும்.

பிடோக்

என் ஜி கணக்கு தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாடாவைத் திரும்பச் சுற்றினால் போதாதா? புதிய மட்டை ஏன்?

தோ பாயோ

5 கிராம் நாடா ஒன்று சுற்றினால் புள்ளி 283-க்கு வரும், அண்ணன். எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலையின் கனம் குறையவில்லை, பின்னால் எடை சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சுழற்றும்போது மணிக்கட்டுக்கு அந்த வேறுபாடு தெரியும். பிடியும் அவள் கைக்குத் தடிக்கும்.

செங்காங், அதே தாய்

சனிக்கிழமை குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குப் போனோம். விலை கேட்பதற்கு முன்பே, நரம்பு கட்டிய மாதிரி மட்டைகளை விரல்மேல் வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். மூன்றில் ஒன்று 287-இல் நின்றது. 4யு ஜி5, மென்மையான தண்டு. 22 பவுண்டில் கட்டச் சொன்னேன், ஒரு மெல்லிய நாடாவோடு நிறுத்திக்கொண்டோம். தோழியின் அண்ணன் மட்டையை நான் வைத்துக்கொண்டேன், பழைய நரம்பை வெட்டி மாற்றியாகிவிட்டது.

மகள் இப்போது இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுகிறாள். பின்கோட்டிலிருந்து உயரமாக அடிக்கும்போது மட்டும் பழையதே நல்லது என்கிறாள். கிளமெண்டி ஐயா, அவள் சொல்வது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. தலைக்கனத்தின் வீச்சு அவளுக்கு உதவுகிறதா, அல்லது பழைய நரம்புக்குப் பதிலாகப் புதியது வந்ததாலா?

கிளமெண்டி

இரண்டும் இருக்கலாம். இரண்டு மட்டைகளிலும் ஒரே நரம்பு, ஒரே இழுவை கட்டி, எது என்று சொல்லாமல் அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.