வேலையை விடும்போது ஈசாப்: 3 லட்சம் கட்டி வாங்கலாமா, விட்டுவிடலாமா?

தரமணிக்காரன்: சென்னையில் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை, இன்னும் பட்டியலிடப்படாத கம்பெனி. சேர்ந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. ஈசாப்பில் 4000 ஆப்ஷன், அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. கிராண்ட் விலை 50 ரூபாய், நாலு வருட வெஸ்டிங், வருடத்துக்குக் கால்வாசி உரிமை கைக்கு வரும். பேப்பர் போட்டுவிட்டேன், பிப்ரவரி 27 கடைசி நாள். இப்போது பங்கின் மதிப்பு 410 ரூபாய் என்கிறார்கள். என் கணக்கில் 3000 ஆப்ஷன் என்னுடையது, அதாவது 12 லட்சத்துக்கு மேல். இந்தப் பணத்தை எப்போது, எப்படி வாங்குவது? வேலையை விட்டபின் 90 நாள் டைம் என்று எச்ஆர் சொல்கிறார். சம்பளம் ஆண்டுக்கு 28 லட்சம்.

ஓஎம்ஆர்_ஓட்டம்: ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். 50 ரூபாய்க்கு 410 ரூபாய் பொருள் கிடைக்கிறது. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் பட்டியலானபோது இந்தியாவில் மட்டும் ஐநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்ததே. எக்சர்சைஸ் செய்து, அதாவது அந்த 50 ரூபாயைக் கட்டி, பங்காக வாங்கிப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை: தம்பி, முதலில் கிராண்ட் லெட்டரை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வெஸ்டிங் பொதுவாக வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓடாது, கிராண்ட் தேதியிலிருந்துதான் ஓடும். ஆஃபர் லெட்டரில் 4000 என்று எழுதிவிட்டு, போர்டு ஒப்புதல் வாங்கிப் பல மாதம் கழித்து கிராண்ட் கொடுப்பது நிறைய இடத்தில் நடக்கிறது. தேதி தெரியாமல் 3000 என்று எழுதாதீர்கள்.

தரமணிக்காரன்: பார்த்தேன் சார். சேர்ந்தது நவம்பர், கிராண்ட் லெட்டரில் ஏப்ரல் 10. அப்படியென்றால்?

கணக்குப்பிள்ளை: அப்படியென்றால் இரண்டு ஏப்ரல்தான் முடிந்திருக்கிறது. கையில் 2000. மூன்றாவது 1000 வரும் ஏப்ரல் 10-ல்தான் வெஸ்ட் ஆகும். நீங்கள் ஆறு வாரம் முன்னால் கிளம்புகிறீர்கள். வெஸ்ட் ஆகாதது ராஜினாமாவோடு போய்விடும், அது கம்பெனிச் சட்ட விதியிலேயே இருக்கிறது. வெஸ்ட் ஆனதை எத்தனை நாளுக்குள் எடுக்கலாம் என்பதை மட்டும் கம்பெனியின் திட்டம் முடிவு செய்யும். உங்கள் இடத்தில் 90 நாள், மே 28 வரை.

இனி பணம். யாரும் உங்களுக்கு 8 லட்சம் தரப்போவதில்லை. நீங்கள்தான் தரவேண்டும்.

2000 பங்குக்கு 50 ரூபாய் வீதம் கம்பெனிக்கு 1,00,000. எக்சர்சைஸ் அன்றைய மதிப்பு 410 என்றால், 50-க்கும் 410-க்கும் உள்ள வித்தியாசம் 360. அதை 2000-ஆல் பெருக்கினால் 7,20,000. இதைச் சம்பளத்தோடு சேர்ந்த சலுகை வருமானமாக வருமான வரி பார்க்கும். உங்கள் சம்பளத்துக்கு மேல் வருவதால் 30 சதவீதமும் செஸ்ஸும், ஆக 31.2. வரி 2,24,640. மொத்தம் 3,24,640 ரூபாய் கையிலிருந்து போகும். திரும்பக் கிடைப்பது இன்றைக்கு விற்க முடியாத 2000 பங்கு.

சும்மா_கேட்கிறேன்: விற்கவே இல்லை, எதற்கு வரி? லாபம் கைக்கு வந்தால்தானே வரி?

கணக்குப்பிள்ளை: பட்டியலிடாத கம்பெனியில் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். சட்டம் உங்கள் கையில் பணம் வந்ததா என்று பார்ப்பதில்லை. முதலாளியிடமிருந்து மதிப்புள்ள பொருள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினீர்கள், அந்தச் சலுகைக்கு வரி. பிறகு விற்கும்போது தனியாக மூலதன ஆதாய வரி. டிடிஎஸ் பிடிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. உங்களுக்குச் சம்பளம் நின்றுபோயிருக்கும், அதனால் தொகையை உங்களிடமே வாங்கிக் கட்டிவிட்டுத்தான் பங்கு ஒதுக்குவார்கள்.

ஓஎம்ஆர்_ஓட்டம்: சார் பயமுறுத்துகிறார். ஸ்டார்ட்அப்பில் இந்த வரியைத் தள்ளிப்போடலாம். 2020 பட்ஜெட்டிலேயே வந்த சலுகை. ஐந்து வருடம் கழித்துக் கட்டினால் போதும்.

கணக்குப்பிள்ளை: பாதி சரி. சலுகை உண்டு. ஆனால் எல்லா ஸ்டார்ட்அப்புக்கும் இல்லை, அமைச்சகங்களுக்கு இடையேயான வாரியத்தின் சான்று பெற்ற கம்பெனிக்கு மட்டும். அதோடு, தள்ளிப்போட்ட வரி மூன்றில் எது முதலில் வருகிறதோ அதற்குப்பின் 14 நாளில் கட்ட வேண்டும்: குறிப்பிட்ட காலம் முடிவது, பங்கை விற்பது, வேலையை விடுவது. தம்பி வேலையை விட்டாயிற்று. அவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது.

வேளச்சேரி_அக்கா: எனக்கு இப்படி ஒன்றுமே இல்லையேப்பா. எங்கள் கம்பெனி அமெரிக்கக் கம்பெனி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பங்கு அக்கவுண்டில் வந்து விழும், வரிக்குக் கொஞ்சம் பங்கை அவர்களே விற்றுக் கழித்துக்கொள்வார்கள். நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. தம்பி எச்ஆரிடம் சரியாகக் கேட்கவில்லையோ?

கணக்குப்பிள்ளை: அக்கா, உங்களுடையது ஆர்எஸ்யூ. அதில் வாங்கும் விலை கிடையாது, வெஸ்ட் ஆன அன்றே பங்கு, அன்றே வரி. சந்தையில் விற்கவும் முடியும், அதனால் கழித்துக்கொள்கிறார்கள். தம்பியிடம் இருப்பது வாங்கும் உரிமை மட்டும். வெஸ்ட் ஆனால் வரி இல்லை, அவர் எடுத்தால்தான் வரி. எடுக்காமல் விட்டால் ஒரு பைசா நஷ்டமும் இல்லை. (வெளிநாட்டுப் பங்கு வைத்திருப்பவர் ரிட்டர்னில் அதற்கான அட்டவணையை நிரப்ப மறக்காதீர்கள் அக்கா, அது வேறு கதை.)

பழைய_பஞ்சாங்கம்: நான் நேரே சொல்கிறேன்: விட்டுவிடு. அந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் கதையை எல்லாரும் பாதியில் நிறுத்துகிறார்கள். 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு, அடுத்த வருடமே 20 டாலருக்குக் கீழே போனது. அது பட்டியலான, நல்ல கம்பெனி. இது எப்போது பட்டியலாகும் என்று யாருக்குத் தெரியும்? சொந்தப் பணம் மூணேகால் லட்சத்தை எடுத்து, ஒரே கம்பெனியில், விற்க வழியில்லாமல் போடுவதா? அந்தப் பணத்துக்கு வேறு எதுவும் தோன்றவில்லையா?

ஓஎம்ஆர்_ஓட்டம்: 20 டாலரும் குறைந்த விலைக்குப் பங்கு பெற்றவனுக்கு லாபம்தான் அண்ணா. கிராண்ட் விலை தாழ்வாக இருப்பதன் அர்த்தமே அதுதான்.

கணக்குப்பிள்ளை: இந்த இடத்தில் ஓட்டம் சொல்வது சரி. 3,24,640-ஐ 2000-ஆல் வகுத்தால் பங்குக்கு 162 ரூபாய் 32 காசு. 410 ரூபாய்ப் பங்கு 163-க்கு இறங்கினால்கூடப் போட்ட காசு திரும்பும். 250-க்கு விற்றால் 5 லட்சம் வரும், 1,75,360 மிச்சம்.

ஆனால் அதில் ஒரு முள் இருக்கிறது. விற்கும்போது உங்கள் அடக்கவிலை 50 அல்ல, 410. அதனால் 250-க்கு விற்றால் சட்டப்படி அது 3,20,000 ரூபாய் மூலதன நஷ்டம். முன்னால் கட்டிய இரண்டேகால் லட்சம் வரி திரும்ப வராது, இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. வேறு மூலதன லாபம் வந்தால் எட்டு வருடத்துக்குள் அதில் கழிக்கலாம், அவ்வளவுதான். கிடைக்காத லாபத்துக்கு வரி கட்டிய நிலைமை.

பழைய_பஞ்சாங்கம்: அதைத்தான் நானும் சொல்கிறேன். அதுவும் 410 என்பது யார் சொன்ன விலை? முதலீட்டாளர்களிடம் இருப்பது முன்னுரிமைப் பங்கு. கம்பெனி அவர்களிடம் 400 கோடி வாங்கியிருக்கிறது, போட்டது முதலில் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது என்று வையுங்கள். நாளை 300 கோடிக்கு யாரிடமாவது விற்றால் முழுதும் அவர்களுக்கே. சாதாரணப் பங்கு வைத்திருப்பவனுக்குப் பூஜ்யம். செய்தித்தாளில் 'ஸ்டார்ட்அப் 300 கோடிக்குக் கைமாறியது' என்று வரும், நம்மாள் தனக்கும் பங்கு உண்டென்று நினைத்துக்கொண்டிருப்பார்.

கணக்குப்பிள்ளை: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரிக்கான 410 முதலீட்டாளர் கொடுத்த விலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலிடாத கம்பெனிக்கு மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பீடு வேண்டும், அது எக்சர்சைஸ் தேதிக்கு 180 நாளுக்குள்ளானதாக இருக்க வேண்டும். தம்பி, எச்ஆரிடம் இரண்டு கேள்வி மெயிலில் கேளுங்கள், வாயால் வேண்டாம். 410 எந்தத் தேதி மதிப்பீட்டில் வந்தது? ராஜினாமா கொடுத்தபின் நோட்டீஸ் காலத்தில் வெஸ்டிங் ஓடுமா, நிற்குமா? சில திட்டங்களில் ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றே நின்றுவிடும். ஓடும் என்றால், கடைசி நாளை ஏப்ரல் 10 தாண்டித் தள்ளக் கேட்டுப் பார்க்கலாம். அந்த 1000 ஆப்ஷன் காகிதத்தில் 3,60,000.

ஓஎம்ஆர்_ஓட்டம்: புதுக் கம்பெனி ஆறு வாரம் காத்திருக்குமா? ஜாயினிங் தேதி போனால் ஆஃபரே போய்விடும். அந்த விஷப்பரீட்சை வேண்டாம். 2000-ஐ எடுங்கள்.

பழைய_பஞ்சாங்கம்: ஏன் 2000-ம்? எடுத்தே ஆக வேண்டும் என்றால் பாதி எடு. திட்டம் அனுமதித்தால் 1000-க்கு 1,62,320 போதும். தொலைந்தால் தொலையட்டும் என்கிற அளவு.

தரமணிக்காரன்: எல்லாருக்கும் நன்றி. எச்ஆர் பதில் வந்தது. நோட்டீஸ் காலத்தில் வெஸ்டிங் ஓடும், ஆனால் கடைசி நாளைத் தள்ள மேனேஜர் சம்மதிக்கவில்லை. பகுதியாக எடுக்கலாமாம். மதிப்பீடு செப்டம்பர் 30 தேதியது. போட்டிக் கம்பெனியில் சேர்ந்தால் ஆப்ஷன் ரத்து என்று ஒரு வரியும் திட்டத்தில் இருக்கிறது, நான் போவது வேறு துறை.

கணக்குப்பிள்ளை: செப்டம்பர் 30 என்றால் 180 நாள் மார்ச் 29-ல் முடிகிறது. உங்களுக்கு மே 28 வரை டைம். ஏப்ரலில் எடுத்தால் புது மதிப்பீடு தேவை. அது இறங்கினால் வரி இறங்கும். 300 என்று வந்தால் 2000-க்கு வரி 1,56,000, இப்போதைவிட 68,640 குறைவு. விலை இறங்கிய கம்பெனியா என்று யோசிக்கவும் உங்களுக்கு நேரம் கிடைக்கும். நானாக இருந்தால் காத்திருப்பேன்.

ஓஎம்ஆர்_ஓட்டம்: ஏறினால்? புது ஃபண்டிங் வந்து 600 ஆனால் வரி 3,43,200. அப்போது 'மார்ச்சிலேயே எடுத்திருக்கலாம்' என்று இங்கேதான் வந்து புலம்புவார்.

பழைய_பஞ்சாங்கம்: 600 ஆனால் புலம்ப மாட்டார், எடுக்கத் துடிப்பார். தம்பி, உள்ளே இருக்கும்போதே ஃபைனான்ஸ் ஆளிடம் டீ வாங்கிக் கொடுத்து, ஃபண்டிங் பேச்சு நடக்கிறதா என்று விசாரி.

சும்மா_கேட்கிறேன்: ஒரு சந்தேகம். கம்பெனி புது மதிப்பீட்டை ஜூன் வரை வாங்காமல் இழுத்தால், 90 நாள் முடிந்துவிடுமே? அப்போது யார் பொறுப்பு?

கணக்குப்பிள்ளை: நல்ல கேள்வி. திட்ட ஆவணத்தில் அதற்கு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தம்பிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.