மேல்மாடியில் மட்டும் லைட் மினுங்குது: மீட்டரில் தெரிந்த நியூட்ரல் பழுது

பரந்தன் வயரிங்: கிளிநொச்சியில் ஏ9 ஓரத்துக் கட்டிடமொன்றின் அளவீட்டைப் பகிர்கிறேன். கீழே பலசரக்குக் கடை, நடுவில் டியூட்டரி, மேலே அலுவலகம். தண்ணி மோட்டர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் மேல்மாடி லைட் மினுங்குது. கீழே ஒருத்தருக்கும் முறைப்பாடு இல்லை. மெயின் போர்டில் ஒரு கிழமை வோல்ட்டைப் பதியும் டேட்டா லொகர் பூட்டியதில், லைட் மினுங்கலைக் காட்டும் Pst அளவு 0.6, லைனுக்கு லைன் சமநிலையின்மை 0.5 வீதம். மேல்மாடி டீ.பி. போர்டில் Pst 1.6. அங்கே நியூட்ரலுக்கு சிவப்பு 227, மஞ்சள் 232, நீலம் 232 வோல்ட்.

மாங்குளம்: சிவப்பு பேஸில்தான் லோட் கூட. இரண்டு ஏசி, தண்ணி மோட்டர் எல்லாம் அதிலதானே? ஒன்றை மஞ்சளுக்கு மாத்துங்கோ, சரியாகிடும்.

வவுனியா மின்பணி: லோட் கூட என்பது உண்மை. ஆனால் இப்போதே மாத்தினால் நோய் மறைஞ்சுபோகும், தீராது. அந்த போர்டில் லைனுக்கு லைன் வோல்ட் எவ்வளவு? மோட்டர் தொடங்கும் கணத்தில் மஞ்சளும் நீலமும் இறங்குதா, ஏறுதா?

பரந்தன் வயரிங்: லைனுக்கு லைன் மூன்றும் 399, 400. மோட்டர் தொடங்கும்போது சிவப்பு இன்னும் 8 வோல்ட் போல விழுது, மற்ற இரண்டும் 3 வோல்ட் ஏறுது. டியூப் லைட் ஒருபக்கம் மங்க, மற்றப்பக்கம் பிரகாசமாகுது.

வவுனியா மின்பணி: அந்த ஏற்றம்தான் அடையாளம். சிவப்பு லைன் வயரில் மட்டும் இழப்பென்றால் சிவப்பு மட்டும் விழும், மற்ற பேஸ் உயர வழியில்லை. ஒன்று விழ மற்றவை ஏற, லைன் வோல்ட் அசையாமல் நின்றால் நியூட்ரல் புள்ளி இடம்மாறுது. லைன் வோல்ட்டை மட்டும் பார்த்து எழுதும் அறிக்கையில் இது "நல்ல நிலை" என்றே வரும், ஏனென்றால் நியூட்ரல் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இப்படிப் பாருங்கோ. மெயின் நியூட்ரல் பாரிலிருந்து ஒற்றை நீள வயரை மேலே கொண்டுபோய், மேல்மாடி நியூட்ரல் பாருக்கும் அதற்கும் இடையில் ஏசி வோல்ட் அளவுங்கோ. கிளாம்ப் மீட்டரில் நியூட்ரல் அம்பியரும் வேணும். இரண்டும் லோட் ஓடும்போதே, ஒரே நேரத்தில். லைவ் போர்ட் திறந்திருக்கும். கையுறையும் ஃபியூஸ் உள்ள புரோபும் இல்லாமல் கை வைக்காதேங்கோ.

பரந்தன் வயரிங்: நியூட்ரலில் 15 அம்பியர், வோல்ட் 3.2.

வவுனியா மின்பணி: கேபிள் என்ன?

பரந்தன் வயரிங்: 10 சதுர மில்லி செப்பு, 40 மீட்டர் போல.

வவுனியா மின்பணி: அப்படியென்றால் கேபிளுக்கு 1.2 வோல்ட் அளவுதான் போகவேணும். மிச்சம் 2 வோல்ட் ஏதோ ஒரு இணைப்பில் விழுது. 2ஐ 15ஆல் பெருக்கினால் 30 வாட். ஒரு சின்ன ஸ்க்ரூவுக்குள் 30 வாட் சூடு. புரோபை வழிநெடுக நகர்த்துங்கோ: பார், லக், ஸ்க்ரூ, வயர் இழை. இரண்டு புள்ளிகளுக்கிடையில் மீட்டர் எங்கே தாவுதோ அங்கேதான் பழுது.

ஒட்டுசுட்டான் நெல் ஆலை: இங்கே மூன்று பேஸ் மோட்டர் சூடாகுது. லைன் வோல்ட் 398, 386, 404. இதுவும் நியூட்ரலா?

வவுனியா மின்பணி: இல்லை, வேற கதை. சராசரி 396, அதிலிருந்து அதிக விலகல் 10, ஆகவே 2.5 வீதம். மோட்டருக்கு 1 வீதத்துக்கு மேலேயே கவனிக்கவேணும். வோல்ட் விலகும் வீதத்தைவிட அம்பியர் விலகும் வீதம் 6 முதல் 10 மடங்கு வரும். சப்ளையை நிற்பாட்டி, மூன்று லீடையும் ஒரே திசையில் ஒவ்வோரிடம் சுழற்றி மாத்துங்கோ, மோட்டர் சுற்றும் திசை மாறாது. கூடின அம்பியர் அதே சப்ளை பேஸோடு நின்றால் குறை சப்ளையில், மோட்டர் லீடோடு நகர்ந்தால் மோட்டரில்.

பரந்தன் வயரிங்: பிடிபட்டது. நடுமாடி நாலு முனை ஐசொலேட்டரின் நியூட்ரல் லக்கில் மட்டும் 1.9 வோல்ட். லக் கறுத்து, இன்சுலேசன் மஞ்சளாகி இறுகிப்போயிருந்தது. திருகாணியை இறுக்கினால் போதுமா?

வவுனியா மின்பணி: போதாது. கறுத்த செப்பு இறுக்கினாலும் திரும்ப சூடாகும். பளபளப்பான செப்பு தெரியுமட்டும் வெட்டி, புது லக் கிரிம்ப் பண்ணவேணும். ஐசொலேட்டரின் அந்த முனையும் சூடு வாங்கியிருந்தால் அதை முழுசா மாத்துங்கோ. முதலில் மெயினை ஓஃப் பண்ணிப் பூட்டுப் போடுங்கோ, இன்வேட்டரும் சோலாரும் இருக்கா பாருங்கோ. மூன்று பேஸும் ஓடும்போது நியூட்ரலைக் கழற்றினால் லோட் குறைஞ்ச பேஸில் 300 வோல்ட்டுக்கு மேலேயும் போகலாம். டியூட்டரி ப்ரொஜெக்டர் எரிஞ்சுபோகும்.

பரந்தன் வயரிங்: ஐசொலேட்டரும் லக்கும் புதுசு. இப்போ அதே 15 அம்பியருக்கு 1.2 வோல்ட், Pst 0.7. ஆனால் ஒரு ரக எல்.ஈ.டி. பல்ப் மோட்டர் தொடக்கத்தில் இன்னும் லேசா அசையுது.

மாங்குளம்: Pst நல்லமென்றால் பல்ப்தான் குறை.

வவுனியா மின்பணி: இருக்கலாம். ஃபிளிக்கர் மீட்டர் 60 வாட் குண்டு பல்பை வைத்துக் கணக்கிடுது, எல்.ஈ.டி. டிரைவர் ஒவ்வொன்றும் வேறமாதிரி நடக்கும். அந்தப் பல்பைக் கீழ் மாடியில் பூட்டிப் பாருங்கோ. அதோடு, இப்போ தாராளமா ஒரு ஏசியை மஞ்சளுக்கு மாத்தலாம்.

ஒட்டுசுட்டான் நெல் ஆலை: லீட் மாத்தினாலும் அதே பேஸில்தான் அம்பியர் கூட. உள்ளே ஃபியூஸ் ஹோல்டரா, வெளி லைனா என்று எப்படிப் பிரிக்கிறது?

வவுனியா மின்பணி: மீட்டருக்குப் பக்கத்து மெயின் முனையிலும் மோட்டர் முனையிலும் ஒரே நேரம் லைன் வோல்ட் அளந்து போடுங்கோ. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால்தான் உள்ளே தேடவேணும்.