விதையில்லாத் தர்பூசணியும் கண்வலிக்கிழங்கு விஷமும்

பெருமாள்மலை வாசி:
கொடைக்கானல் சந்தையில் விதையில்லாத் தர்பூசணி வாங்கினேன். கண்வலிக்கிழங்கு விஷத்தைப் போட்டுத்தான் அதை உண்டாக்குகிறார்களாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ஒட்டன்சத்திரம் கிழங்குக்காரன்:
கொடுக்காதீர்கள். நான் கண்வலி பயிரிடுகிறவன். அதன் விதையில் இருந்துதான் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள், ஆடு மாட்டைக்கூட அந்தப் பக்கம் விடமாட்டோம். அதைப் போட்டால் குரோமோசோம் இரட்டிக்கும், காயும் பெரிதாகும். ஆனால் விஷம் விஷம்தானே?

தாண்டிக்குடி செடிப்பித்தன்:
தாராளமாகக் கொடுக்கலாம். மருந்து படுவது இந்தப் பழத்தின் மேல் இல்லை, இதன் பாட்டிக்கும் பாட்டியான ஒரு நாற்றின் மேல். முளைத்து இரண்டு விதையிலை விரிந்ததும் நடுவில் இருக்கும் குருத்தில் இரண்டு மூன்று நாள் சொட்டு சொட்டாக விடுவார்கள், அவ்வளவுதான். செல் பிரிவதற்கு முன் தன் 22 குரோமோசோமையும் நகலெடுத்துக்கொள்ளும், அப்புறம் நுண்ணிய இழைகள் வந்து நகல்களை இரு பக்கமும் இழுக்கும். கோல்ச்சிசின் அந்த இழையைக் கட்டவே விடாது. இழுக்க ஆளில்லாமல் 44ம் ஒரே செல்லில் தங்கிவிடும். மருந்து போன பிறகும் அந்தச் செல் 44 உடனே பெருகும், அதன் விதையும் 44 தான், பிறகு எத்தனை தலைமுறை ஆனாலும் மருந்து தேவையில்லை.

இந்த 44 தாயில் சாதாரண 22இன் மகரந்தம் வைத்தால் கிடைப்பது 33. விவசாயி வாங்கி விதைப்பது இந்த 33 விதையைத்தான். இதில் 11 வகைக் குரோமோசோம், ஒவ்வொன்றிலும் மூன்று. சினைமுட்டை உண்டாகும்போது மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாதே, ஒரு பக்கம் இரண்டும் மறுபக்கம் ஒன்றுமாகப் போகும். பதினொன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால்தான் கணக்குச் சரியாகும், அதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 1024இல் ஒன்று. அதனால்தான் உள்ளே வெள்ளைத் தோல் மட்டும் நிற்கிறது.

பண்ணைக்காடு வாழைத்தோட்டம்:
அப்படியானால் எங்கள் விருப்பாச்சி மலைவாழையிலும் யாரோ மருந்து வைத்தார்களா? அதிலும் விதை இல்லையே! தாத்தா காலத்திலிருந்து இயற்கை என்று சொல்லித்தான் விற்கிறோம்.

தாண்டிக்குடி செடிப்பித்தன்:
இல்லை அண்ணே, அது இயற்கைதான். காட்டு வாழைகள் தாங்களாகக் கலந்து மூன்று குரோமோசோம் தொகுப்போடு வந்ததைக் கன்று கன்றாக மனிதர்கள் காப்பாற்றினார்கள். அதிலும் 33 என்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாழை மகரந்தமே இல்லாமல் காய் பிடிக்கும். 33 தர்பூசணி அப்படியில்லை, நடுநடுவே சாதாரண 22 செடியும் நட்டுத் தேனீ வந்தால்தான் பிஞ்சு நிற்கும், இல்லாவிட்டால் பூவோடு உதிர்ந்துவிடும். விதை இல்லாமல் போவது வேறு, காய் திரள்வது வேறு.

ஒட்டன்சத்திரம் கிழங்குக்காரன்:
சரி, விஷம் பழத்துக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வெட்டிய விதையில்லாப் பழத்தில் ஒரு கறுப்பு விதை இருந்தது. உங்கள் கணக்கு?

தாண்டிக்குடி செடிப்பித்தன்:
அந்த 1024இல் ஒன்று அதுதான். ஒரு காயில் சூல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், எப்போதாவது ஒன்று தப்பிப் பிழைக்கும். அப்புறம் ‘காய் பெரிதாகும்’ என்றீர்களே, அது பாதிதான் சரி. பெரிதாவது செல். இலை தடிக்கும், இதழ் கனக்கும். ஆனால் செல் பிரியும் வேகம் குறையும், பூக்கத் தாமதமாகும், விதை குறையும். மொத்தச் செடி சிறுத்துப்போனதும் உண்டு.

கோத்தகிரி நாற்றங்கால்:
என் அனுபவம் வேறு. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து 24 குரோமோசோம் உள்ள செண்டுமல்லி நாற்றுகளில் 0.2% கரைசல் விட்டோம். பாதிக்கு மேல் செத்தன. பிழைத்ததில் நான்கு செடியின் இலைத்துளை நுண்ணோக்கியில் பெரிதாகத் தெரிந்தது, பூவும் கனமாக இருந்தது. ஆனால் விதையெடுத்துப் போட்டால் எல்லாம் பழைய செண்டுமல்லியே! மருந்து நிலைக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

தாண்டிக்குடி செடிப்பித்தன்:
மருந்து வேலை செய்திருக்கிறது, மேல்தோலில் மட்டும். குருத்து நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். இலைத்துளை வெளி அடுக்கிலிருந்து வருவது, மகரந்தமும் முட்டையும் அதற்கடுத்த உள் அடுக்கிலிருந்து. வெளியே 48, உள்ளே 24 என்று ஆகிவிட்டால் இலை உங்களை ஏமாற்றும். மகரந்தத்தைப் பார்த்தீர்களா? தூள் பெரிதாக இருக்கும் கிளையில் மட்டும் விதையெடுத்திருக்க வேண்டும்.

கோத்தகிரி நாற்றங்கால்:
பார்க்கவில்லை.

பண்ணைக்காடு வாழைத்தோட்டம்:
கண்வலிக்கிழங்கை அரைத்தே வாழைக் கன்றுக்கு ஊற்றிப் பார்க்கலாமா? முடிக்கொத்து நோய் தாங்குகிற மாதிரி ஏதாவது வரட்டுமே.

தாண்டிக்குடி செடிப்பித்தன்:
தயவுசெய்து வேண்டாம். அரைத்த சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியாது, கையில் பட்டு வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படியே இரட்டித்தாலும் இருக்கும் மரபணுவின் நகல்தானே கூடும், நோயைத் தாங்கும் புது மரபணு அதில் எங்கிருந்து வரும்?

கோத்தகிரி நாற்றங்கால்:
அந்த நான்கில் ஒன்றைத் தண்டு ஒடித்து வேர்விட வைத்திருக்கிறேன். பூத்ததும் மகரந்தம் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.