வினைல் தரையில் தெரியும் பழைய விரிசல்: சொல் தேவை

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். வாடகை வீட்டில் பழைய தரைமேல் வினைல் பலகை போடுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். அடித்தரையின் விரிசலும் டைல்ஸ் இடுக்கும் நாளடைவில் வினைலின் மேல் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். போட்ட அன்று ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது கண்ணில் படும். இதை டெலிகிராஃபிங் என்கிறார்கள். 11 இடத்தில் வருகிறது.

அரங்கநாதன்:
வடு. ஆறிய பிறகும் மறையாத தடத்துக்கு வள்ளுவர் ஆண்ட சொல். ‘நாவினாற் சுட்ட வடு’ என்றாரே ஒழிய புண் என்று சொல்லவில்லை. அடியில் இருப்பது புண், மேலே தெரிவது வடு. ‘வடுவெழல்’ என்று தொழிற்பெயர் ஆக்கலாம்.

முத்துக்குமார்:
டெலிகிராஃப் என்றால் தந்திதானே, ‘தந்தித்தல்’ எனலாமே? இன்னொன்று, அடியில் தடிமனாக 5 மி.மீ. ஃபோம் விரித்துவிட்டால் விரிசல் மேலே வரவே வராது. அப்புறம் சொல்லே தேவைப்படாது.

தேவகி:
12 வருடமாகத் தரை போடும் வேலை எடுத்துச் செய்கிறேன். முத்துக்குமார் சொல்வது பாதி சரி. மெத்தென்ற ஃபோம் விரிசலை மறைக்கும். ஆனால் நடக்கும்போது பலகை அமுங்கி எழும். ஒன்றோடொன்று மாட்டும் பலகையின் விளிம்பு நாக்கு மெல்லியது; அமுங்கி எழுந்தே அது உடைந்து, இணைப்பு வாய் பிளக்கும். அடியில் ஃபோம் ஒட்டியே வரும் பலகைக்கு இன்னொரு ஃபோம் போடவே கூடாது.

முதலில் விரிசலின் குறுக்கே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். ஆடாமல் படிந்தால் அது வெறும் மயிரிழை விரிசல், 4 மி.மீ. பலகை அதன்மேல் பாலம்போல் நின்றுவிடும். ஆடினால் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. அந்த மேட்டைத் தேய்க்க வேண்டும், அல்லது பூச்சால் சமன்செய்ய வேண்டும். இரண்டுமே திரும்ப எடுக்க முடியாத வேலை, ஆகவே வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். பசையால் ஒட்டும் 2 மி.மீ. பலகையோ ரோல் விரிப்போ என்றால் மயிரிழை விரிசலும் தெரிந்துவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் ‘அச்சு விழுது’ என்பார்கள். கோரைப்பாயில் படுத்து எழுந்தால் முதுகில் விழுமே, அதே அச்சு.

பஷீர்:
என் கதையைக் கேளுங்கள். சிவப்பு ஆக்சைடு தரைமேல் ஒட்டுப் பலகை போட்டேன். காலி செய்யும்போது பிய்த்தால் பசை தரையோடு நின்றுவிட்டது, சில இடத்தில் மேல்பூச்சே பெயர்ந்து வந்தது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். பசை இல்லாத வகையைக் கையேட்டில் ‘மிதக்கும் தரை’ என்று எழுதாதீர்கள், செல்வி. தண்ணீரில் மிதப்பதாக நினைப்பார்கள். ‘ஒட்டாத் தரை’ போதும்.

அரங்கநாதன்:
அச்சு ‘அக்ஷ’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. வடு இருக்க அது எதற்கு?

கண்ணம்மா:
ஐயா, வண்டி அச்சு வேறு, வார்ப்பு அச்சு வேறு. இரண்டாவது கன்னடத்திலும் தெலுங்கிலும் உண்டு. நான் நெசவாளர் வீட்டுப் பெண். தறியில் இழைகளைக் கோத்துப் பிரித்து வைக்கும் சீப்புக்கும் அச்சு என்றுதான் பெயர், அதன் வழியே ஓடுவது பாவு. கல் பாவுதல், நாற்றுப் பாவுதல் எல்லாமே பரப்பி வைப்பதுதான். ‘பலகை போடுதல்’ என்பதையும் ‘பலகை பாவுதல்’ என்று மாற்றலாமே, செல்வி. தளவரிசை என்ற பழைய சொல்லும் அகராதியில் தூங்குகிறது.

செல்வி:
பாவுதல் எனக்கும் பிடிக்கிறது. ஆனால் வாடகைக்கு இருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் கையேடு இது, ‘போடுதல்’ என்றே இருக்கட்டும். ஒட்டாத் தரையை எடுத்துக்கொள்கிறேன். மற்றது ‘அச்சு விழுதல்’. தேவகி, பஷீர், கண்ணம்மா மூவரும் அந்தப் பக்கம்தான் என்று கொள்கிறேன்.

அரங்கநாதன்:
வேர் வாதத்தை விட்டுவிடுகிறேன், கண்ணம்மா சொன்னது நியாயம். ஆனால் பொருள் வாதம் நிற்கிறது. பீரோவின் கால் மேலிருந்து அழுத்தி வினைலில் தடம் பதித்தால் அதுவும் அச்சு விழுதல்தானே? ஒன்று கீழிருந்து வருவது, மற்றது மேலிருந்து வருவது. கையேட்டில் இரண்டும் உண்டா?

செல்வி:
இரண்டும் 6ஆம் பக்கத்தில் அடுத்தடுத்து வருகின்றன. கீழிருந்து வருவதை ‘அடியச்சு’ என்று பிரிக்கலாமா?

தேவகி:
பீரோ கால் பதிவதை நாங்கள் குழி விழுவது என்போம், குழப்பம் வராது. அடியச்சு என்று என் ஆட்களிடம் சொன்னால் பலகையின் அடிப்பக்கம் அச்சடித்திருக்கும் எழுத்தைத் தேடுவார்கள்.

அரங்கநாதன்:
அப்படியானால் வடு. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.